நோக்கக் கூற்று: சுற்றாடல் விஞ்ஞான முதுமாணிப் படிப்பு

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வளவில் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் 12 அடிதான். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் மணல். அந்த மணலுக்குள் மழை விட்டுப்போன நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. அதைத்தான் அள்ளுகிறோம், கழிவையும் அதற்குள்ளேதான் இறக்குகிறோம்.

இளமாணி இறுதி வருட ஆய்வுக்காக எங்கள் ஒழுங்கைகளில் 24 கிணறுகளை ஆவணியில் ஒரு தடவையும், மாரி மழை பிடித்த பிறகு மார்கழியில் ஒரு தடவையும் அளந்தேன். குழிக்குக் கிட்ட இருந்தால் நைத்திரேற்று கூடும் என்று நினைத்துத்தான் போனேன். ஆனால் குழியிலிருந்து 6 மீற்றரில் இருந்த ஒரு கிணறு, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லைக்குக் கீழே நின்றது. 19 மீற்றரில் இருந்த இன்னொன்று இரண்டு தடவையும் தாண்டியது. நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நான் அளக்கவே இல்லை. அந்தக் கிணற்றடியில் மாட்டெருப் போட்ட தோட்டமும் இருந்தது, அப்போ குற்றவாளி குழியா எருவா என்று என்னிடம் இருந்த கருவியால் பிரிக்க முடியவில்லை.

அந்த வீட்டு அம்மம்மா கேட்டார்: "கொதிக்க வெச்சித்தான் பேரப்பிள்ளைக்குப் பால்மா கரைக்கிறன், அது போதாதா மகள்?" கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்றுவதால் இன்னும் செறிவுதான் கூடும். அந்த 50 என்ற எல்லையே போத்தல் பால் குடிக்கும் குழந்தைகளை நினைத்து வைத்தது. குழாய்த் தண்ணீரில் கரையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன், ஆனால் கிணற்றை என்ன செய்வது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முதுமாணியில் படிக்க விரும்புவது இதைத்தான். முதலில் சமதானிப் பகுப்பாய்வு: நைதரசன்-15, ஒட்சிசன்-18 அளவுகளால் இரசாயன உரத்தைப் பெரும்பாலும் பிரித்தறியலாம். மனிதக் கழிவும் மாட்டெருவும் ஒன்றின் மேல் ஒன்று விழும் என்பதால், மனிதர் மட்டும் பாவிக்கும் கஃபீன், செயற்கை இனிப்புகள் போன்ற தடயங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அந்த ஆய்வுகூட வேலை எனக்கு இன்னும் கைவரவில்லை. அப்புறம் சிறு அவதானிப்புக் குழாய்கள் இறக்கி நீர்மட்டத்தை ஒரு வருடம் மாதாமாதம் எடுத்து, MODFLOW என்ற கணினி மென்பொருளில் எங்கள் மணல் திட்டின் நிலத்தடி நீரோட்டத்தை மாதிரியாக்கப் பழக வேண்டும். மாரியில் நீர்மட்டம் உயர்ந்து குழியின் அடியைத் தொடும் நாட்கள் எத்தனை என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி, மார்கழியில் சில கிணறுகளில் அளவு கூடியதற்கும் சிலவற்றில் குறைந்ததற்கும் விடை அதில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இது சரியாக வந்தால் 10 பேர்ச் காணியில் கிணறு எங்கே, குழி எங்கே, எந்த வளவுக்கு அடைத்த தொட்டிதான் வேண்டும் என்று ஒழுங்கை ஒழுங்கையாக வரைபடம் போடலாம். அதே 24 கிணறுகளிலும் திரும்ப மாதிரி எடுக்க வீட்டுக்காரர்கள் சம்மதித்திருக்கிறார்கள். முதலில் போகப்போவது அந்த அம்மம்மா வீட்டுக்கு.