காலக்கோடு பயிற்சித்தாள்: ரௌலட் சட்டம் முதல் காந்தி–இர்வின் ஒப்பந்தம் வரை

நிலா, நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே எட்டுக் கட்டங்களில் நிகழ்வுகள் கலைத்துப் போட்டிருக்கின்றன. நடுவில் 1919 முதல் 1931 வரை ஒரு கோடு. அதன் கீழே அடுத்தடுத்து வரும் ஒவ்வோர் இணைக்கும் ‘காரணம்’, ‘விளைவு’ என்று இரண்டு பெட்டிகள். ‘ஏ’ கட்டத்தின் மேல் விளக்கு வெளிச்சம் பட்டு வெளுத்துவிட்டது. “குழுவின் வருகை” என்ற வால் மட்டும்தான் தெரிகிறது. சைமன் குழு என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். தாள் உன் கையில்தானே இருக்கிறது, ஒருமுறை பார்த்துக்கொள்.

கோட்டில் இந்த வரிசையில் நிரப்பு:

ஆ. ரௌலட் சட்டம் – 1919 மார்ச்
உ. ஜாலியன்வாலா பாக் படுகொலை – 1919 ஏப்ரல் 13
எ. ஒத்துழையாமை இயக்கம் – 1920
இ. சௌரி சௌரா – 1922 பிப்ரவரி
ஏ. சைமன் குழு வருகை – 1928 பிப்ரவரி
ஊ. லாகூர் காங்கிரஸ் மாநாடு – 1929 டிசம்பர்
அ. தண்டி யாத்திரை – 1930 மார்ச் 12 முதல் ஏப்ரல் 6 வரை
ஈ. காந்தி–இர்வின் ஒப்பந்தம் – 1931 மார்ச் 5

நீ ‘உ’வை ‘ஆ’வுக்கு முன்னால் பென்சிலில் குறித்திருக்கிறாய். இரண்டும் 1919 என்பதால் எது முன்னால் வந்தால் என்ன என்று நினைத்திருப்பாய். ஒரே ஆண்டில் இரண்டு நிகழ்வு வந்தால் மாதத்தைத் தேடு. மாதமும் மறந்துபோனால், எது நடக்காமல் மற்றது நடந்திருக்காது என்று கேள். ரௌலட் சட்டம் இல்லையென்றால் அமிர்தசரசில் அந்த ஏப்ரல் போராட்டமே இல்லை.

இனி இணைகள்.

ஆ → உ. முதல் உலகப் போருக்காகக் கொண்டுவந்த பாதுகாப்புச் சட்டம் போர் முடிந்தபின் காலாவதியாக வேண்டியது. அந்த அதிகாரத்தை விட மனமில்லாத அரசு, விசாரணையின்றிச் சிறைவைக்கும் உரிமையை ரௌலட் சட்டத்தின் வழியாகத் தக்கவைத்துக்கொண்டது. இந்திய உறுப்பினர்கள் எதிர்த்தும் சட்டம் நிறைவேறியது. காந்தி கடையடைப்புக்கு அழைப்பு விடுத்தார். அமிர்தசரசில் போராட்டத் தலைவர்கள் சத்தியபால், சைபுதீன் கிச்லு இருவரையும் ஏப்ரல் 10 அன்று கைதுசெய்தார்கள், நகரம் கொந்தளித்தது. மூன்றாம் நாள் பாக்கில் கூடிய கூட்டத்தின் மீது ராணுவ அதிகாரி டயர் எச்சரிக்கையின்றிச் சுட உத்தரவிட்டார். அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 379 பேர்; உண்மையில் இன்னும் அதிகம் என்பதே இந்தியத் தரப்பின் கணக்கு. நீ ‘சட்டத்தால் படுகொலை நடந்தது’ என்று ஒரே தாவலில் எழுதியிருக்கிறாய். இடையில் கடையடைப்பும் கைதுகளும் இருக்கின்றன, அவற்றை எழுது. சட்டம் போராட்டத்துக்குத்தான் காரணம். சுடச் சொன்னது ஓர் அதிகாரியின் முடிவு.

உ → எ. படுகொலை மட்டும் போதாது. முஸ்லிம்களின் கலீபாவாக இருந்த துருக்கி சுல்தானைப் போரில் வெற்றிபெற்ற நாடுகள் நடத்திய விதத்தால் எழுந்த கிலாபத் கிளர்ச்சியும் சேர்ந்துதான் ஒத்துழையாமைக்கு வழிவிட்டது. ‘காரணம்’ பெட்டியில் இரண்டையும் குறிப்பிடு. ‘விளைவு’ பெட்டியில் பட்டங்களைத் துறந்தது, நீதிமன்றங்களையும் அரசுப் பள்ளிகளையும் புறக்கணித்தது, அந்நியத் துணி எரிப்பு ஆகியவை வர வேண்டும்.

எ → இ. சௌரி சௌராவில் ஊர்வலம் சென்றவர்கள் மீது போலீஸ் சுட்டது; கோபமடைந்த கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்தது; உள்ளே இருந்த காவலர்கள் இறந்தார்கள். விளைவு: காந்தி இயக்கத்தையே நிறுத்தினார், மார்ச்சில் கைதானார், ஆறாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். இந்த இணையில் ஒரு விசித்திரம் உண்டு. இயக்கத்தின் வேகமே இப்படியொரு மோதலுக்கு இடம் தந்தது, அந்த மோதலே இயக்கத்தை முடித்தது. இதை எழுதினால் ஆசிரியர் கட்டாயம் கவனிப்பார்.

இ → ஏ. இங்கே நிதானமாக இரு. ‘சௌரி சௌராவால் சைமன் குழு வந்தது’ என்ற உன் வரியை அழித்துவிடு. 1919 அரசுச் சட்டத்திலேயே, சீர்திருத்தங்கள் எப்படி நடக்கின்றன என்று பத்தாண்டுகளில் ஆராய ஒரு குழு வேண்டும் என்று இருந்தது. அதை இரண்டாண்டு முன்கூட்டியே 1927-ல் நியமித்தார்கள். காவல் நிலையம் எரியாமல் இருந்திருந்தாலும் குழு வந்திருக்கும். ஆறாண்டு இடைவெளியில் இரண்டு நிகழ்வுகள் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் உட்கார்ந்திருப்பதாலேயே ஒன்று மற்றதைப் பெற்றுவிடாது. தாள் ஏழு இணைக்கும் ‘காரணம்’ கேட்கிறது என்பது உண்மைதான். என்னைக் கேட்டால் தாள் தயாரித்தவர் இதை யோசிக்கவில்லை. நீ இப்படி எழுது: “நேரடிக் காரணத் தொடர்பு இல்லை. இயக்கம் நின்றபின் காங்கிரசுக்குள் சட்டமன்றம் செல்வதா என்ற பிளவு வந்தது, சுயராஜ்யக் கட்சி உருவானது. குழு நியமிக்கப்பட்டதற்குக் காரணம் 1919 சட்டம்.” இதற்கு மதிப்பெண் குறைத்தால் என்னிடம் சொல், நான் பேசுகிறேன்.

ஏ → ஊ. குழுவின் ஏழு பேரும் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்கள். இந்தியாவின் அரசியலமைப்பைப் பற்றிப் பேச ஓர் இந்தியர்கூட இல்லை. “சைமனே திரும்பிப் போ” என்று போன இடமெல்லாம் கறுப்புக்கொடி. லாகூர் எதிர்ப்பு ஊர்வலத்தில் தடியடிபட்ட லாலா லஜபதி ராய் சில வாரங்களில் இறந்தார். இந்தியர்களே வரைந்த நேரு அறிக்கை, பிரிட்டிஷ் பேரரசுக்குள் இருந்தபடியே தன்னாட்சி பெறும் டொமினியன் அந்தஸ்து கேட்டது. 1928 இறுதியில் காங்கிரஸ் ஓராண்டு கெடு வைத்தது. கெடு முடிந்தும் அரசு இறங்கிவரவில்லை. அதன்பின் லாகூரில் ஜவாஹர்லால் நேரு தலைமையில் பூரண சுயராஜ்யத் தீர்மானம். கெடு என்ற கண்ணியை விட்டுவிடாதே. அதுதான் 1928-ஐயும் 1929-ஐயும் பிணைக்கிறது. விளைவாக 1930 ஜனவரி 26 சுதந்திர நாளாகக் கொண்டாடப்பட்டதை எழுது. பிறகு அரசியலமைப்பு நடைமுறைக்கு வர அதே தேதியைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான்.

ஊ → அ. லாகூர் மாநாடு சட்டமறுப்பைத் தொடங்கும் அதிகாரத்தைத் தந்தது. எந்தச் சட்டத்தை மீறுவது என்பது காந்தியின் தேர்வு. ஏழை, பணக்காரர், எந்த மதத்தினர் ஆனாலும் உப்பு வேண்டும்; அதற்கு வரியும் உண்டு, அரசின் ஏகபோகமும் உண்டு. சபர்மதியிலிருந்து ஏறக்குறைய 385 கிலோமீட்டர் நடந்து தண்டியில் உப்பெடுத்தார். வேதாரண்யத்துக்கு ராஜாஜி நடந்ததையும் விளைவில் சேர்க்கலாம். நீ எழுதியிருப்பது பெரும்பாலும் சரி, “கோபத்தில் நடந்தார்” என்பதை மட்டும் எடுத்துவிடு.

அ → ஈ. இதற்கு இரண்டு வரி போதும். காரணம்: சிறைகள் நிரம்பின, காங்கிரஸ் இல்லாத முதல் வட்டமேசை மாநாடு பயனற்றுப் போனது. விளைவு: வன்முறையில் ஈடுபடாத கைதிகள் விடுதலை, கடலோர மக்கள் சொந்தத் தேவைக்கு உப்பெடுக்க அனுமதி, சட்டமறுப்பு நிறுத்தம், இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்குக் காந்தி லண்டன் போனது. பகத்சிங் தூக்கை இந்தப் பெட்டியில் ‘விளைவு’ என்று எழுதியிருக்கிறாய். அது 1931 மார்ச் 23, ஒப்பந்தத்துக்குப் பின்தான், ஆனால் அந்தத் தண்டனை 1930-லேயே விதிக்கப்பட்டுவிட்டது. அந்த வரியை எடுத்துவிட்டு, மற்றவற்றை இன்று இரவே பேனாவில் எழுதிவிடு.