அப்பா கரையில் இருக்கிறார்: 61 நாள் ஸ்கிரீன்ஷாட்டுகள்

தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். கையில் காசு குறைந்து, பேச்சும் குறையும் நாட்கள் அவை. அந்த நாட்களில் தெரு சிரிக்கட்டும் என்று நான் எழுதிப் போட்ட பொய் உரையாடல்களும் நோட்டிபிகேஷன்களும் இவை. ஆட்கள் எல்லாரும் கற்பனைதான்.

வீட்டு நோட்டிபிகேஷன்கள்

🔔 ஏப்ரல் 15, காலை 3:40
அப்பா எழுந்துவிட்டார். போக இடமில்லை. வீட்டுக்குள் ரோந்து தொடங்கியது.

🔔 ஏப்ரல் 17, காலை 9:05
அடுப்படியில் அந்நியப் படகு நுழைந்தது. மசாலா டப்பாக்கள் உயர வரிசைப்படி அடுக்கப்பட்டன. மல்லித்தூள் இருக்குமிடம் தெரியவில்லை.

🔔 ஏப்ரல் 17, காலை 9:06
அம்மா டைப் செய்கிறார்…

🔔 ஏப்ரல் 17, காலை 9:31
அம்மா டைப் செய்கிறார்…

🔔 ஏப்ரல் 17, காலை 9:32
அம்மா அனுப்பியது: "ம்."

🔔 ஏப்ரல் 17, காலை 9:33
இது விளையாட்டு அறிவிப்பு: எங்கள் வீட்டில் 3ஆம் எண் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது. அப்பா திண்ணையைத் தாண்டி உள்ளே வர வேண்டாம் என அறிவுறுத்தப்படுகிறார்.

மீன்கார அக்கா

நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. அதனால் மீன் வரத்து அடியோடு நிற்பதில்லை. விலைதான் ஏறும்.

தம்பி: அக்கா சீலா இருக்கா?
அக்கா: 📷
அக்கா: துள்ளுது பாரு. இப்பத்தான் வத்தையில இருந்து இறங்குச்சு
தம்பி: என்ன விலைக்கா?
அக்கா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது
அக்கா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது
தம்பி: அக்கா முதல்ல போட்டதப் படிச்சிட்டேன்
அக்கா: அது தலை இல்லாம
தம்பி: ரெண்டாவதையும் படிச்சிட்டேன்
அக்கா: அது வால் இல்லாம
தம்பி: சரி. போட்டோவுல பின்னாடி ஒரு பூனை உக்காந்திருக்கே, நேத்து போட்டோவுலயும் அதே இடத்துல அதே பூனை
அக்கா: அது தினமும் வரும்யா
தம்பி: செவுத்துக் காலண்டர்ல நேத்துத் தேதி
அக்கா: கிழிக்க மறந்துட்டேன்
தம்பி: கடிகாரத்துல சாயங்காலம் அஞ்சரை. இப்ப காலையில ஏழு மணி
அக்கா: பேட்டரி போயிருச்சு
தம்பி: அக்கா
அக்கா: காரல் இருக்கு. நெசமாவே இன்னைக்குப் பிடிச்சது. சொதி வை, அரைக் கிலோ சேத்துப் போடுறேன்

அரிச்சல்முனையில் மருமகன்

தனுஷ்கோடி முனைக்குப் போனால் சில கைப்பேசிகளில் இலங்கை டவர் வந்து நிற்கும். வந்ததும் வரவேற்புச் செய்தியும் வரும். பரமக்குடி மாமியாருக்கு இது தெரியாது.

மருமகன்: அத்தை, போன்ல "இலங்கைக்கு நல்வரவு"ன்னு வருது 😄
அத்தை: எப்ப மாப்பிள்ளை போனீங்க?
மருமகன்: இல்ல அத்தை, இங்கதான் நிக்கிறேன்
அத்தை: பாஸ்போர்ட் எடுத்தத எங்ககிட்டச் சொல்லவே இல்லையே
மருமகன்: அத்தை, மணல்ல நிக்கிறேன். பக்கத்துல மாங்கா விக்கிறாங்க
அத்தை: அந்த ஊர் மாங்காயா?
அத்தை: பிள்ளைக்கு ரெண்டு கவுன் பாருங்க
அத்தை: தேயிலை ரெண்டு பாக்கெட்டு
அத்தை: மாமாவும் கேக்குறாரு, சோப்பு வேணுமாம்
மருமகன்: 📍 அரிச்சல்முனை, இராமேசுவரம் வட்டம்
அத்தை: சரி, வர்ற வழியில அதையும் பாத்துட்டு வாங்க

கீழக்கரையிலிருந்து துபாய்க்கு

இது சின்னது. கீழக்கரையில் தொதல் என்றால் ஒரு இனிப்பு, காக்கா என்றால் அண்ணன். கூரியர் வண்டி எங்கே நிற்கிறது என்று செய்தி வருமே, அந்த மாதிரி.

🔔 உம்மா அனுப்பிய தொதல் (3 கிலோ) கீழக்கரையில் ஏற்றப்பட்டது.
🔔 கொண்டுவரும் காக்கா மதுரையில் சாயா குடிக்கிறார். தொதல்: 2 கிலோ 600.
🔔 விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரும் நம்ம ஊர்தான். தொதல்: 1 கிலோ 900.
🔔 உங்கள் அறைத் தோழர்கள் அஞ்சு பேரும் இன்று வேலைக்கு லீவு போட்டுள்ளனர்.
🔔 உங்கள் தொதல் வந்து சேர்ந்தது. ஓலைப்பெட்டியைப் பெற்றுக்கொள்ளவும்.

பாம்பன் பாலங்கள், 2025 ஏப்ரல் 6 இரவு

இது மட்டும் தடைக்காலத்துக்கு முன்பே, புதிய ரயில் பாலம் திறந்த அன்று எழுதியது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பழைய பாலத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

குழு: பாக் நீரிணை (புதிய உறுப்பினர் சேர்க்கப்பட்டார்)

புதுப் பாலம்: எல்லாருக்கும் வணக்கம் 🙏
பழைய பாலம்: வாப்பா. எந்த வருசம்?
புதுப் பாலம்: 2025ங்க. நீங்க?
பழைய பாலம்: 1914
புதுப் பாலம்: ஐயா 🙏🙏🙏
பழைய பாலம்: கப்பல் வந்தா என்ன செய்வ?
புதுப் பாலம்: நடுப்பகுதி அப்படியே மேல ஏறும், 17 மீட்டர். மோட்டார் இருக்கு
பழைய பாலம்: எனக்கு ஆளுக நின்னு கையால சுத்துவாங்க. கப்பல் போற வரைக்கும் ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிப்பேன்
ரோட்டுப் பாலம் (1988): நான் தூக்குறதே இல்லை. ஆனா என் மேல வண்டிய நிறுத்தி நிறுத்தி உங்க ரெண்டு பேரையும்தான் போட்டோ எடுக்குறாங்க
பழைய பாலம்: உனக்கு அந்தக் கவலைதான்
புதுப் பாலம்: ஐயா, புயல் வந்தா?
பழைய பாலம்: 1964 டிசம்பர்ல வந்துச்சு. என் கர்டருல பெரும்பகுதியக் கடல் கொண்டு போச்சு. நடுவுல தூக்குற பகுதி அப்படியே நின்னுச்சு. 46 நாள்ல என்னை எடுத்துக் கட்டுனாங்க
புதுப் பாலம்: …
பழைய பாலம்: பயப்படாத. இவன்கிட்ட மட்டும் மரியாதையா இரு
கடல் உங்கள் செய்திக்கு 👍 இட்டது

இரண்டு விஷயங்களில் மட்டும் நான் பொய்ச் செய்தி செய்வதே இல்லை. ஒன்று வானிலை, இன்னொன்று கடலில் ஆட்கள் பிடிபட்ட செய்தி. பாம்பனில் கூண்டு ஏறியது என்று ஒரு படம் வந்தால், விளையாட்டா நிஜமா என்று இங்கே யாரும் ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டார்கள். ஏற்றிய ஐஸை இறக்குவார்கள். படகு உள்ளே இருக்கும் வீட்டில் பெண்கள் போனைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். அந்த முகங்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் என் கூண்டு எங்கள் அடுப்படிக்கு மேலே மட்டும்தான் ஏறும், அதுவும் "விளையாட்டு" என்று எழுதிக்கொண்டு.

கடைசி ஸ்கிரீன்ஷாட்

ஜூன் 15, காலை 8:10
அம்மா: டோக்கன் வாங்கியாச்சா? ✓✓
அப்பா: ம். கெளம்புறோம்
அம்மா: 61 நாள் தொந்தரவு இன்னையோட முடிஞ்சுது 🙏 ✓✓

காலை 11:20
அம்மா: சாப்பிட்டீங்களா ✓

மதியம் 1:45
அம்மா: டவர் இல்லையா ✓

மாலை 6:30
அம்மா: மல்லித்தூள நீங்க வச்ச இடத்துலயேதான் வச்சிருக்கேன். மாத்தல ✓

இரவு 9:15
அம்மா: காத்து இங்க கொஞ்சம் அடிக்குது ✓

இரவு 11:50
அம்மா: ஒண்ணுமில்ல. சும்மாதான் ✓

ஜூன் 16, காலை 6:02
அம்மாவின் செய்திகள் ✓✓ ✓✓ ✓✓ ✓✓ ✓✓
அப்பா டைப் செய்கிறார்…
அப்பா: கரை தெரியுது. இறால் நல்லா இருக்கு. பெரிய சட்டிய எடுத்து வை, மேல் தட்டுல மூணாவதா அடுக்கியிருக்கேன்
அம்மா: எனக்குத் தெரியும் ✓✓