தண்ணீரும் தீட்சையும்: 1 நிமிட வீடியோவுக்கான குரல்

வணக்கம். கத்தோலிக்கத் திருச்சபையில் குழந்தையின் தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுப்பார்கள். பெந்தெகொஸ்தே சபைகளிலோ, விவரம் தெரிந்த வயதில் தானாக முன்வருபவர் முழுக்க மூழ்கி எழ வேண்டும்.

யூத மதத்தில் சேருபவர் மிக்வே என்னும் தொட்டியில் மூழ்குவார். அதற்கு மழைநீரோ ஊற்றுநீரோ வேண்டும். வெறும் குழாய்த் தண்ணீர் போதாது.

சீக்கியர்களிடம் இது அழகான வேறு வழி. 1699 வைசாகித் திருநாளன்று பஞ்சாபின் ஆனந்த்பூரில் குரு கோவிந்த் சிங் தொடங்கிவைத்தது. இரும்புப் பாத்திரத்தில் தண்ணீர், அதில் சர்க்கரை வில்லைகள். ஐவர் சுற்றி அமர்ந்து புனிதப் பாடல்களை ஓதியபடியே இருபுறமும் கூரான வாளால் கலக்குவார்கள். அதுதான் அம்ரித். தீட்சை பெறுபவர் அதைக் குடிப்பார். கண்களிலும் தலைமுடியிலும் தெளிப்பார்கள். வாளும் இனிப்பும் ஒரே பாத்திரத்தில்! எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அப்புறம், ஈராக்கின் மண்டேயர்கள். திருமுழுக்கு யோவானைப் போற்றும் இவர்கள் வெள்ளை உடையில், ஓடும் நீரில் மூழ்குவார்கள். ஒருமுறையோடு முடிவதில்லை, வாழ்நாளெல்லாம் திரும்பத் திரும்ப.

இந்தச் சடங்குகளை நேரில் பார்க்கப் போனால், கேமராவை எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். உங்கள் வழக்கம் வேறா? கமெண்டில் எழுதுங்கள்.