கப்பல் கம்பெனி ஏன் மூழ்கியது? பத்தாம் வகுப்பு ஆ பிரிவுக்கு ஒரு கேலரி வாக்

பாடம்: வரலாறு, தமிழ்நாட்டில் விடுதலைப் போராட்டம். சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி வரும் பகுதி மட்டும்.
மாணவர்கள்: 36 பேர், ஆறு குழு, குழுவுக்கு ஆறு பேர்.
நேரம்: இரண்டு பீரியட், அடுத்தடுத்த நாள்களில். முதல் நாள் சார்ட் எழுத, இரண்டாம் நாள் நடக்க.
இடம்: வகுப்புக்கு வெளியே உள்ள வராந்தா.

அ பிரிவு எடுக்கும் டீச்சர் வியாழக்கிழமை இதையே நடத்தப் போவதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போன வருடம் இதே பாடத்துக்கு ஒரு கேலரி வாக் நடத்தினேன். ஒரு குழு வ.உ.சி., ஒரு குழு சுப்பிரமணிய சிவா, ஒரு குழு திருப்பூர் குமரன் என்று தலைவர்களைப் பிரித்துக் கொடுத்தேன். சார்ட் எல்லாம் அழகாக வந்தன. பிள்ளைகள் ஒட்டிய கருத்துச் சீட்டுகளை எடுத்துப் படித்தால் எழுபது சீட்டில் ஐம்பதுக்கு மேல் 'சூப்பர்', 'படம் அருமை', 'கையெழுத்து நன்று'. அவர்கள்மேல் தப்பில்லை. பிறந்த தேதியும் இறந்த தேதியும் எழுதிய சார்ட்டைப் பார்த்து வேறென்ன சொல்ல முடியும்? மறுத்துப் பேச இடம் இருக்கிற சார்ட்டுக்குத்தான் நல்ல சீட்டு வரும். அதனால் இந்த முறை ஆறு குழுவுக்கும் ஒரே கேள்வி: 1906-இல் தொடங்கிய கம்பெனி 1911-இல் ஏன் இழுத்து மூடப்பட்டது? ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு காரணம். தன் காரணம்தான் முக்கியம் என்று அந்தக் குழு வாதாட வேண்டும்.

குழு அட்டைகள்

இவற்றை அப்படியே எழுதி முதல் நாள் கையில் கொடுத்துவிடுவேன். பாடப்புத்தகமும் பக்கத்தில் இருக்கும்.

1. பணம். கம்பெனி 1906 அக்டோபரில் பதிவானது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய். எத்தனை பங்கு விற்றால் பத்து லட்சம் வரும்? கணக்குப் போட்டு சார்ட்டில் காட்டுங்கள். அன்றைக்கு 25 ரூபாய் யாரால் கொடுக்க முடியும், யாரால் முடியாது? லாபம் வராத வருடத்தில் பங்கு வாங்கியவர் என்ன நினைப்பார்?

2. போட்டி. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஏற்கெனவே கப்பல் விட்டுக்கொண்டிருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. சுதேசிக் கப்பல் வந்ததும் கட்டணத்தைக் குறைத்தது. பெரிய கம்பெனியால் நஷ்டத்தை எவ்வளவு காலம் தாங்க முடியும்? சின்னக் கம்பெனியால்? இன்றைக்கு உங்கள் ஊரில் இப்படி ஒரு விலைப் போட்டியைப் பார்த்திருக்கிறீர்களா?

3. கப்பலும் வழியும். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள். வரைபடத்தில் தூத்துக்குடியையும் கொழும்பையும் குறித்து வழியை வரையுங்கள். ஒரு கப்பல் பழுதானால் என்ன ஆகும்? இரண்டே கப்பல் உள்ள கம்பெனிக்கும் பல கப்பல் உள்ள கம்பெனிக்கும் என்ன வித்தியாசம்?

4. கோரல் மில். தூத்துக்குடியில் 1908 பிப்ரவரி கடைசியில் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்று பேசினார்கள். கூலி உயர்வு, வார விடுமுறை போன்றவை கோரிக்கைகள். தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். கப்பல் கம்பெனிக்கு இது பலமா, ஆபத்தா?

5. அரசு. 1908 மார்ச் 12 வ.உ.சி. கைது. ஜூலை 7 தீர்ப்பு: இரண்டு குற்றச்சாட்டுக்கும் தலா இருபது ஆண்டு வீதம் நாற்பது ஆண்டு. பிறகு மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. 1912 டிசம்பரில் விடுதலை. கம்பெனி மூடிய 1911-ஐயும் இதே காலக்கோட்டில் வையுங்கள். அப்போது வ.உ.சி. எங்கே இருந்தார்?

6. பத்திரிகையும் மக்களும். பாரதியார் சென்னையிலிருந்து 'இந்தியா' வார இதழில் சுதேசி இயக்கத்துக்காக எழுதினார். கார்ட்டூனும் போட்டார். 1908-இல் புதுச்சேரிக்குப் போனார். மக்களின் உற்சாகம் மட்டும் ஒரு கம்பெனியைக் காப்பாற்றுமா? நீங்களே ஒரு கார்ட்டூன் வரைந்து பதில் சொல்லுங்கள்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். மூன்றாம் குழு வரைபடத்தில் பாம்பன் பாலத்தை வரையாமல் விடாது. நம் பிள்ளைகளுக்கு அந்தப் பாலம் இல்லாமல் கடல் கிடையாது. பாலம் திறந்தது 1914-இல், கம்பெனி மூடி மூன்று வருடம் கழித்து. முன்கூட்டியே சொல்லாதீர்கள். யாராவது சீட்டில் பிடிக்கிறார்களா பார்ப்போம். இன்னொன்று இரண்டாம் குழுவின் குடைக் கதை. வெள்ளைக்காரக் கம்பெனி கடைசியில் பயணிகளை இலவசமாக ஏற்றி, கையில் ஒரு குடையும் கொடுத்தது என்பது எல்லா மேடையிலும் கேட்கிற கதை. போடட்டும். ஆனால் எங்கே படித்தோம், யாரிடம் கேட்டோம் என்று கீழே ஒரு வரி எழுத வேண்டும்.

சார்ட்டில் என்ன இருக்க வேண்டும்

மேலே கொட்டை எழுத்தில் ஒரே வாக்கியம்: 'கம்பெனி மூழ்கியதற்கு முக்கியக் காரணம் இதுதான்.' அதற்குக் கீழே இரண்டு ஆதாரம். ஒரு படம், வரைபடம் அல்லது கணக்கு. வலது மூலையில் ஒரு பெட்டி: 'எங்களுக்கு இன்னும் தெரியாதது'. மொத்தம் அறுபது வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. நாலு அடி தள்ளி நின்று படிக்க முடியாத எழுத்து இருந்தால் சார்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அந்தப் பெட்டியைக் காலியாக விட அனுமதி இல்லை. முதலில் 'எல்லாம் தெரியும் சார்' என்பார்கள். கொழும்புக்குப் போன பயணிகள் யார், எதற்குப் போனார்கள் என்று கேளுங்கள், பெட்டி நிறைந்துவிடும்.

பொருள்கள்

சார்ட் பேப்பர் ஆறு. ஸ்கெட்ச் பேனா குழுவுக்கு இரண்டு, அதற்கு மேல் கொடுத்தால் வண்ணம் தீட்டுவதிலேயே பீரியட் போய்விடும். ஒட்டும் சீட்டு கடையில் வாங்கினால் கட்டுப்படியாகாது. ஆபீஸில் ஒரு பக்கம் அச்சடித்து மிஞ்சிய வெள்ளைத் தாளையும் கொஞ்சம் மஞ்சள் தாளையும் நாலாக வெட்டினால் போதும், ஓரத்தில் பசை தடவிக்கொள்ளலாம். இருவருக்கு ஒரு சீட்டு, ஐந்து சார்ட், அப்படியென்றால் தொண்ணூறு சீட்டு. வீணாவதற்கும் சேர்த்து நூற்றிருபது வெட்டுங்கள்.

சுவரில் ஒட்டாதீர்கள். போன தடவை பெயின்ட் பிய்ந்து வந்து நான் பேச்சு வாங்கினேன். வராந்தாத் தூண்களுக்கிடையே கயிறு கட்டி, துணி கிளிப் போட்டு மாட்டலாம். மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று வாங்கு வாங்கு என்று வாங்கும், சார்ட்டின் கீழ் ஓரத்திலும் இரண்டு கிளிப் போட்டு அடிக்கயிற்றோடு சேர்த்துவிடுங்கள். முடிந்தால் காலையிலேயே நடத்துவது நல்லது.

இரண்டாம் நாள்

முதல் ஐந்து நிமிடம் பிள்ளைகளுக்கு இதைப் படித்துக் காட்டுவேன்:

'இன்றைக்கு ஐந்து சார்ட்டுக்குப் போவீர்கள், உங்கள் சார்ட்டுக்குப் போகக் கூடாது. ஒரு சார்ட்டுக்கு நாலு நிமிடம். முதல் நிமிடம் யாரும் பேசக் கூடாது, படிக்க மட்டும். அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு பேசி, இருவரும் சேர்ந்து ஒரு சீட்டு எழுதுங்கள். வெள்ளைச் சீட்டு என்றால், "இதை ஒப்புக்கொள்கிறோம், ஏனென்றால்" என்று தொடங்க வேண்டும். மஞ்சள் சீட்டு என்றால், "இது போதாது, ஏனென்றால்" என்று தொடங்க வேண்டும். ஐந்தில் குறைந்தது இரண்டு மஞ்சளாக இருக்கட்டும். எழுத்தைப் பற்றியோ படம் வரைந்தவரைப் பற்றியோ எழுதக் கூடாது, காரணத்தைப் பற்றி மட்டும். பெயர் எழுத வேண்டாம். விசில் ஊதினால் வலது பக்கம் நகருங்கள்.'

பிறகு இரண்டு மாதிரிச் சீட்டைக் கரும்பலகையில் எழுதுவேன்.

'இது போதாது, ஏனென்றால் நன்றாக இல்லை.'
'இது போதாது, ஏனென்றால் வ.உ.சி. கைதானது 1908-இல், கம்பெனி மூடியது 1911-இல். நடுவில் மூன்று வருடம் யார் நடத்தினார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை.'

எந்தச் சீட்டு கிடைத்தால் உங்கள் சார்ட்டை மாற்றுவீர்கள் என்று கேட்பேன். விளக்கம் அவ்வளவுதான்.

அடுத்த இருபது நிமிடம் நடை. சார்ட் பக்கத்தில் விளக்கம் சொல்ல ஆள் நிறுத்துவதை இந்த முறை விட்டுவிட்டேன். நின்றவர் ஒன்று வாதாடி ஜெயித்துவிடுகிறார், இல்லை மற்ற சார்ட்டுகளைப் பார்க்க முடியாமல் முகம் வாடி நிற்கிறார். சார்ட் தானே பேசட்டும். மெதுவாகப் படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களைச் சத்தமில்லாமல் வாசித்துக் காட்டக்கூடிய தோழரோடு சேர்த்துவிடுங்கள். மெதுவாகப் படிப்பவர் சொல்ல, தோழர் எழுதலாம். முதலாம் சார்ட்டில் கணக்கு இருப்பதால் அங்கே மட்டும் நெரிசல் வரும், ஒரு நிமிடம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

நான் அந்த நேரத்தில் எதையும் திருத்த மாட்டேன். நோட்டில் குறித்துக்கொண்டு பின்னால் நடப்பேன், அவ்வளவுதான். ஆசிரியர் ஒரு சார்ட் முன்னால் நின்று தலையாட்டினால் அடுத்து வருகிற ஆறு பேரும் வெள்ளைச் சீட்டுதான் எழுதுவார்கள்.

பிறகு பத்து நிமிடம் அவரவர் சார்ட்டுக்குத் திரும்பி, வந்த பதினைந்து சீட்டையும் படிக்க வேண்டும். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக அடுக்கி, பதில் சொல்ல வேண்டிய ஒரு மஞ்சள் சீட்டைக் குழுவாகத் தேர்ந்தெடுக்கட்டும். அதற்குப் பதிலைச் சிவப்பு மையில் சார்ட்டிலேயே எழுத வேண்டும். தலைப்பு வாக்கியத்தை அடித்துவிட்டு மாற்றி எழுதினால் இன்னும் நல்லது. நாலாம் குழுவுக்குத்தான் இங்கே கஷ்டம் வரும். வேலைநிறுத்தம் வெற்றி, அதை எப்படி மூழ்கியதற்குக் காரணம் என்கிறீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். விட்டுவிடுங்கள், அவர்களே ஐந்தாம் சார்ட்டின் கைதுத் தேதியைப் போய்ப் பார்த்து வருவார்கள். பார்க்கவில்லை என்றால், 'பிப்ரவரிக்கு அப்புறம் எந்த மாதம்?' என்று மட்டும் கேளுங்கள்.

கடைசி எட்டு நிமிடம் தனித்தனியாக நோட்டில் ஒரு பத்தி: 'ஆறு காரணத்தில் எது முதலில் வரும்? வேறு குழுவின் சார்ட்டிலிருந்து ஓர் ஆதாரமாவது சேர்த்து எழுதுக.' மதிப்பெண் ஐந்து. தெளிவாக ஒரு பக்கம் எடுத்ததற்கு ஒன்று, ஆதாரத்துக்கு இரண்டு, எதிர்க்காரணம் ஒன்றுக்குப் பதில் சொன்னதற்கு இரண்டு. தன் குழுவின் காரணத்தைக் கைவிட்டவருக்கு மதிப்பெண் குறையாது, இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் கட்சி மாறினான் என்று வெளியே சண்டை வரும்.

சார்ட்டுகள் வெள்ளிக்கிழமை வரை கயிற்றிலேயே தொங்கட்டும். அ பிரிவு நடக்கும்போது ஆ பிரிவின் சீட்டுகளைக் கழற்றி உறையில் போட்டு என்னிடம் கொடுங்கள், டீச்சர். பாம்பன் பாலத்தை யாராவது பிடித்தார்களா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.