வரவுசெலவு விளக்கம்: மாலை நேரக் கற்றல் மையங்கள், நாகப்பட்டினம் மாவட்டம்

கோரும் தொகை ரூ.5,25,000. காலம்: ஜூன் முதல் மார்ச் வரை, 10 மாதங்கள்.

ஆசிரியர் மதிப்பூதியம் ரூ.2,40,000 (4 பேர் × ரூ.6,000 × 10 மாதம்): செயல்பாடு 1, நான்கு மீனவக் கிராமங்களில் வாசிப்பு, கணக்கு வகுப்புகள். உள்ளூர்ப் பெண்களையே அமர்த்துவதால் பயணப்படி இல்லை.

சுண்டல் ரூ.2,00,000 (100 குழந்தைகள் × ரூ.10 × 200 நாள்): இதுவும் செயல்பாடு 1. தொகை பெரிதாகத் தெரியலாம். ஆனால் பள்ளி விட்டு நேரே வரும் பிள்ளைகள் பசியோடு ஏழு மணிவரை உட்காரமாட்டார்கள். நிதியைக் குறைத்தே ஆகவேண்டுமென்றால் ஒரு மையத்தைக் குறைக்கிறோம், சுண்டலை அல்ல.

நூல்கள், பயிற்சி ஏடுகள் ரூ.35,000 (குழந்தைக்கு ரூ.350): செயல்பாடு 2, மைய நூலகம்.

ஒருங்கிணைப்பாளர் பயணம் ரூ.25,000 (மாதம் ரூ.2,500): செயல்பாடு 3, வாராந்திரப் பார்வையிடல், காலாண்டு வாசிப்புச் சோதனை.

கணக்கு, தணிக்கை ரூ.25,000: செயல்பாடு 4, நிதி அறிக்கை.

வாடகை கோரவில்லை, ஊராட்சிக் கூடங்கள் இலவசம்.