‘மண்டிச் சீட்டு’ செயலி: செயல்விளக்கப் படத்துக்கான குரல்

வணக்கம். இலவம்பாடியில் விடியற்காலையில் பறித்த கத்திரிக்காய், வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் விற்றுவிட்டது. மண்டிக்காரர் கொடுத்த துண்டுச் சீட்டு கையில் இருக்கிறது. சட்டைப்பையிலேயே விட்டால் துணியோடு சேர்ந்து அதுவும் வெளுத்துவிடும், இப்போதே ஏற்றிவிடுவோம். திரையில் மஞ்சள் வட்டம் எங்கே தெரிகிறதோ, அங்கே தொடுங்கள்.

கீழே நடுவில் ‘புதுச் சீட்டு’. தொடுகிறோம். இன்றைய தேதி தானாகவே வந்துவிட்டது. நேற்றைய சீட்டாக இருந்தால் தேதியின் மேல் ஒருமுறை தொட்டு மாற்றலாம்.

அடுத்தது ‘காய்’. பட்டியல் விரிகிறது. இங்கே கொஞ்சம் கவனியுங்கள்: ‘கத்திரி’ என்று ஒன்றும் ‘முள் கத்திரி’ என்று ஒன்றும் தனித்தனியாக இருக்கின்றன. நம் வேலூர் முள் கத்திரி 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய காய். இரண்டையும் ஒரே பெயரில் எழுதிவைத்தால், எதற்கு என்ன விலை கிடைத்தது என்று பிறகு பிரித்துப் பார்க்க முடியாது. ‘முள் கத்திரி’யைத் தொடுகிறோம்.

‘மூட்டை’: 3. ‘எடை’: 120 கிலோ. ‘கிலோ விலை’: 35. எண் பதியவில்லையா? விரலைத் துடைத்துவிட்டு மறுபடி தொடுங்கள்; காய் பறித்த கையாயிற்றே. மேலே மொத்தம் 4,200 ரூபாய் என்று வருகிறது.

இப்போது ‘பிடித்தம்’. கமிஷன் நூற்றுக்குப் பத்து என்று சீட்டில் இருக்கிறது. 10 என்று போட்டால் 420 ரூபாய் கழிகிறது. இறக்குக் கூலி 45. வண்டி வாடகை 150. மிச்சம் 3,585.

‘கைக்கு வந்தது’ என்ற கட்டத்தைத் தொட்டு, எண்ணி வாங்கிய பணத்தைப் போடுகிறோம்: 3,485. உடனே சிவப்பில் ஒரு வரி: ‘100 ரூபாய் இடிக்கிறது’.

பதற வேண்டாம். அந்தச் சிவப்பு வரியையே தொடுங்கள். கழிக்கக்கூடிய மற்ற வகைகள் திறக்கின்றன: சாக்கு, முன்பணம், மற்றவை. சீட்டைத் திருப்பிப் பார்க்கிறோம். ஓரத்தில் பென்சிலில், ‘மு.ப. 100’. போன வாரம் வாங்கிய முன்பணத்தில் ஒரு பகுதி. ‘முன்பணம்’ தொட்டு 100 என்று போட்டதும் சிவப்பு பச்சையாகிறது. காரணம் கிடைக்காவிட்டால் சிவப்பிலேயே விட்டுவிடுங்கள். நாளை மண்டியில் கேட்க அதுவே நினைவூட்டும்.

கேமரா படத்தைத் தொட்டுச் சீட்டையும் ஒரு படம் எடுத்துக்கொள்கிறோம். பென்சில் எழுத்து தெரிகிற வெளிச்சத்தில் எடுங்கள்.

கடைசியாக ‘சேமி’. சீட்டின் பக்கத்தில் கோடு போட்ட மேகம் ஒன்று தெரிகிறது. கொல்லையில் சிக்னல் இல்லை என்று பொருள். கணக்கு போனிலேயே பத்திரமாக இருக்கிறது. சிக்னல் கிடைத்ததும் அந்தக் கோடு தானாகவே மறைந்துவிடும்.