வினைவேகம், வேக விதி, கிளர்வு ஆற்றல்: அசிட்டோனும் அயோடினும் சொல்லித் தரும் பாடம்

எஸ்.டி.பி.எம். ஆறாம் படிவ மாணவர்களுக்கு, பட்டர்வொர்த் சனிக்கிழமை வகுப்பின் பாடக்குறிப்பு

நான்காம் படிவத்தில் சோடியம் தயோசல்பேட்டோடு அமிலத்தைக் கலந்து, குடுவைக்கு அடியில் இருந்த X குறி மறையும் நேரத்தை அளந்தோம். சீக்கிரம் மறைந்தால் வேகம் அதிகம். 1/t தான் வேகத்தின் அளவு. எஸ்.பி.எம்-க்கு அது போதும். இனி இன்னும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். செறிவை இரண்டு மடங்காக்கினால் வேகம் எத்தனை மடங்காகும்? வெப்பநிலை 10 பாகை ஏறினால் வேகம் ஏன் அவ்வளவு கூடுகிறது?

முதலில் வேகம் என்றால் என்ன என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொள்வோம். ஒரு வினாடியில் செறிவு எவ்வளவு மாறுகிறது என்பதே வினைவேகம். அலகு mol dm⁻³ s⁻¹. வினை நடக்க நடக்க இது பெரும்பாலும் குறைந்துகொண்டே வரும். அதனால் செறிவு–நேர வரைபடத்தில் வேண்டிய இடத்தில் தொடுகோடு வரைந்து அதன் சாய்வை எடுக்கிறோம். t = 0 இல் எடுத்தால் தொடக்க வேகம். ஒரே வினையில் பொருளுக்குப் பொருள் மாறும் வேகம் வேறாக இருக்கும் என்பதால் சமன்பாட்டின் எண்ணால் வகுக்க வேண்டும்:

2N₂O₅ → 4NO₂ + O₂

வேகம் = −½ d[N₂O₅]/dt = ¼ d[NO₂]/dt = d[O₂]/dt

கழித்தல் குறி, N₂O₅ குறைகிறது என்பதற்காக. அவ்வளவுதான், இதில் நிறைய நேரம் செலவழிக்க வேண்டாம்.

வேக விதி

இதில்தான் பலர் மதிப்பெண்ணை விடுகிறார்கள். சமன்பாட்டில் உள்ள எண்களை அப்படியே தூக்கி அடுக்குக்குறியாக எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வேகத்தைச் செறிவுகளோடு இணைக்கும் வேக விதி சோதனையிலிருந்துதான் வரும். இதற்கு அசிட்டோன்–அயோடின் வினையைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து கிடையாது.

CH₃COCH₃ + I₂ → CH₃COCH₂I + HI

அமிலக் கரைசலில் 25°C இல் செய்த நான்கு ஓட்டங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செறிவுகள் mol dm⁻³ அலகில்:

| ஓட்டம் | [CH₃COCH₃] | [H⁺] | [I₂] | தொடக்க வேகம் / mol dm⁻³ s⁻¹ |
|---|---|---|---|---|
| 1 | 0.80 | 0.20 | 0.0010 | 4.8 × 10⁻⁶ |
| 2 | 1.60 | 0.20 | 0.0010 | 9.6 × 10⁻⁶ |
| 3 | 0.80 | 0.40 | 0.0010 | 9.6 × 10⁻⁶ |
| 4 | 0.80 | 0.20 | 0.0020 | 4.8 × 10⁻⁶ |

ஒன்றையும் இரண்டையும் ஒப்பிடுங்கள்: அசிட்டோன் மட்டும் இரட்டிப்பு, வேகமும் இரட்டிப்பு. ஆகவே அசிட்டோனைப் பொறுத்து இது முதல் வகை, அதாவது வேக விதியில் அதன் அடுக்குக்குறி 1. ஒன்றும் மூன்றும்: H⁺ ஐப் பொறுத்தும் முதல் வகை. ஒன்றும் நான்கும்: அயோடினை இரட்டிப்பாக்கியும் வேகம் அசையவே இல்லை. அயோடினைப் பொறுத்து பூஜ்ய வகை.

வேகம் = k[CH₃COCH₃][H⁺]

சமன்பாட்டில் இருக்கும் அயோடின் வேக விதியில் இல்லை. சமன்பாட்டில் வினைபடு பொருளாக எழுதப்படாத H⁺ வேக விதியில் இருக்கிறது. மொத்த வினைவகை 1 + 1 = 2. வேக மாறிலி k ஐயும் கண்டுவிடலாம்:

k = 4.8 × 10⁻⁶ ÷ (0.80 × 0.20) = 3.0 × 10⁻⁵ mol⁻¹ dm³ s⁻¹

k இன் அலகை மனப்பாடம் செய்ய வேண்டாம். மொத்த வினைவகை மாறினால் அலகும் மாறும். ஒவ்வொரு முறையும் வகுத்துப் பார்த்து எழுதுங்கள்.

அயோடினுக்கு ஏன் இந்த நிலை? வினை ஒரே அடியில் நடப்பதில்லை. முதலில் அசிட்டோன் H⁺ ஐ வேகமாக ஏற்கிறது. அப்புறம் அது ஒரு புரோட்டானை மெதுவாக இழந்து ஈனால் வடிவத்துக்கு மாறுகிறது. ஈனால் உருவான உடனே அயோடின் அதைப் பிடித்துக்கொள்கிறது. காலை நேரத்தில் பினாங்குப் பாலத்தில் ஏறவே நெரிசல் என்றால், தீவுப் பக்கம் சாலை எத்தனை அகலமாக இருந்தாலும் நிமிடத்துக்கு வந்து சேரும் கார்களின் எண்ணிக்கை கூடாது. அயோடின் அந்த அகலமான சாலையின் இடத்தில் இருக்கிறது. மெதுவான படிதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அந்தப் படிவரை சேர்ந்த துகள்கள் மட்டுமே வேக விதியில் தென்படும்.

ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அசிட்டோனையும் அமிலத்தையும் மிக அதிகமாக எடுத்துக்கொண்டால் அவற்றின் செறிவு ஏறக்குறைய மாறாது. அப்போது [I₂]–நேர வரைபடம் வளைவாக வராது. நேர்கோடாக இறங்கி, அயோடின் தீர்ந்ததும் சட்டென்று நின்றுவிடும். எனக்கு வேகவியலில் மிகவும் பிடித்த வரைபடம் இதுதான். அமிலத்தை அதிகமாக எடுக்க இன்னொரு காரணமும் உண்டு: வினையில் உண்டாகும் HI யும் H⁺ தருகிறது, தொடக்க அமிலம் குறைவாக இருந்தால் வினை போகப் போக வேகம் கூடிவிடும். வினையில் விளையும் அயோடோ அசிட்டோன் கண்ணை எரிக்கும் பொருள், அதனால் புகைபோக்கி அறைக்குள் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

கிளர்வு ஆற்றல்

செறிவை மாற்றினால் k மாறாது. வெப்பநிலையை மாற்றினால் மாறும். மூலக்கூறுகள் மோதினால் மட்டும் வினை நடந்துவிடாது. சரியான கோணத்தில், ஒரு குறைந்தபட்ச ஆற்றலோடு மோத வேண்டும். அந்தக் குறைந்தபட்சம்தான் கிளர்வு ஆற்றல், Eₐ. சுவீடன் வேதியியலாளர் அரீனியஸ் 1889 இல் இதை ஒரே சமன்பாட்டில் அடக்கினார்:

k = A e^(−Eₐ/RT)

இதில் A அந்த வினைக்கு உரிய ஒரு மாறிலி, R வாயு மாறிலி, T கெல்வினில் வெப்பநிலை.

நம் வினைக்கு 35°C இல் k = 9.3 × 10⁻⁵ என்று கிடைத்தால், இரண்டு வெப்பநிலைகளையும் கெல்வினில் எழுதி:

ln(k₂/k₁) = (Eₐ/R)(1/T₁ − 1/T₂)

ln 3.1 = (Eₐ/8.314)(1/298 − 1/308)

1.131 = (Eₐ/8.314)(1.09 × 10⁻⁴)

Eₐ ≈ 86 000 J mol⁻¹, அதாவது 86 kJ mol⁻¹.

செல்சியஸை நேராகப் போட்டால் விடை முற்றிலும் தவறிவிடும். ஜூல் விடையை 1000 ஆல் வகுக்காமல் kJ என்று எழுதினாலும் அப்படித்தான்.

இப்போது இந்த எண் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 298 K இலிருந்து 308 K க்குப் போனால் மூலக்கூறுகளின் சராசரி வேகம் √(308/298) மடங்கு, அதாவது சுமார் 1.7 விழுக்காடு மட்டுமே கூடுகிறது. ஆனால் வினைவேகமோ மூன்று மடங்காகிறது. மோதல்கள் கூடியதால் மட்டும் இது நடக்க முடியாது. 86 kJ தடை உள்ள ஒரு மோதலுக்கு e^(−Eₐ/RT) ஐக் கணக்கிட்டால் 298 K இல் சுமார் 8 × 10⁻¹⁶. 308 K இல் சுமார் 2.6 × 10⁻¹⁵. இரண்டுமே நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்குச் சிறிய பங்கு, ஆனாலும் இரண்டாவது முதலாவதைப் போல மூன்று மடங்கு. “சூடாக்கினால் மோதல் கூடும்” என்று மட்டும் எழுதி நிறுத்தினால் முழு மதிப்பெண் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். Eₐ ஐத் தாண்டும் ஆற்றலுள்ள மூலக்கூறுகளின் பங்கு கூடுகிறது என்று கட்டாயம் எழுதுங்கள்.

வினையூக்கி வேறு வழி திறக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு தானாகச் சிதைய சுமார் 75 kJ mol⁻¹ வேண்டும். அயோடைடு அயனி இருந்தால் சுமார் 56. A மாறாது என்று வைத்துக்கொண்டால் 298 K இல் வேகம் 2000 மடங்குக்கு மேல் கூடும். ΔH மட்டும் அசையாது, ஏனென்றால் தொடக்கமும் முடிவும் அதே பொருள்கள்.

சனிக்கிழமைக்குள் செய்து வாருங்கள்

ஒரு குழு குளிர்சாதனம் ஓடும் ஆய்வகத்தில் 24°C இல் அசிட்டோன்–அயோடின் சோதனையைச் செய்கிறது. இன்னொரு குழு மதியம், குளிர்சாதனம் நின்றபின், 32°C இல் அதே செறிவுகளோடு செய்கிறது. Eₐ = 86 kJ mol⁻¹ என்று கொண்டு, இரண்டாம் குழுவின் வேகம் எத்தனை மடங்கு என்று காணுங்கள். விடை 2.5 க்குப் பக்கத்தில் வர வேண்டும். நான்கு ஓட்டங்களையும் ஏன் ஒரே நீர்த்தொட்டியில் வைத்துச் செய்ய வேண்டும் என்பதற்கும் அதே விடையைக் கொண்டு இரண்டு வரியில் காரணம் எழுதி வாருங்கள்.